பால் காய்ச்சுற அன்னைக்கு வர்ற கிஃப்ட்டை அங்கேயே பிரிக்கணுமா, அப்புறம் பிரிக்கணுமா?

நெக்கார் மீனா, ஏப்ரல் 21, இரவு 10:14

ஜெர்மனில எஸ்லிங்கன்ல வீடு வாங்கியிருக்கோம், வைகாசில பால் காய்ச்சுறோம். ஹோமம் கிடையாது, ஸ்மோக் டிடெக்டர் கத்துனா மாடி வீட்டுக்காரர் ஃபயர் சர்வீஸக் கூப்பிட்டுருவாரு. கேள்வி அது இல்ல. நம்ம ஆளுங்க பத்துப் பதினஞ்சு குடும்பம் வருது, கூடவே என் ஆபீஸ் ஜெர்மன்காரங்களும் வர்றாங்க. ஜெர்மன்காரங்க கிஃப்ட் குடுத்தா அவங்க நிக்கும்போதே பிரிச்சுப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லணும், அப்படியே உள்ள கொண்டு போய் வச்சா புடிக்கலையோன்னு முகம் மாறுது. நம்ம ஆளுங்க முன்னாடி பிரிச்சா "என்ன குடுத்தோம்னு பாக்க எவ்வளவு அவசரம் பாரு"ம்பாங்க. ரெண்டு கூட்டமும் ஒரே ஹால்ல. யாருதப் பிரிக்க, யாருத விட?

டல்லாஸ் பாபு, ஏப்ரல் 21, இரவு 11:02

இதுல என்ன குழப்பம். வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாத்தையும் முன்னாடியே பிரிப்பான், நம்ம ஊர்ல குடுத்தது வெளிய தெரியக்கூடாது, வலது கை குடுக்குறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு சொல்லி வளத்தாங்க. யாருதையும் பிரிக்காதீங்க, அவங்க வந்த இடத்துக்கு ஏத்தாப்ல அவங்க மாறிக்கட்டும்.

வரிப்புலி, ஏப்ரல் 22, காலை 6:30

கிஃப்ட் விஷயத்துல ஜாக்கிரதை. கல்யாணத்துக்கு வந்தா வரி கிடையாது, ஆனா கிரகப்பிரவேசத்துக்கு அந்த விலக்கு இல்ல. சொந்தக்காரங்க இல்லாதவங்க குடுத்தது ஒரு வருஷத்துல 50,000 ரூபாயத் தாண்டுச்சுன்னா மொத்தத்தையும் வருமானத்துல காட்டணும். அதனால பிரிச்சுப் பாத்து மதிப்புப் போட்டு வைக்கிறது நல்லது.

நெக்கார் மீனா, ஏப்ரல் 22, காலை 8:05

அண்ணே நான் இருக்குறது ஜெர்மனி. வர்றது எல்லாம் கேசரோலும் பிள்ளையார் படமும்தான், 50,000-க்கு யாரு குடுக்கப் போறா.

மொய் நோட்டு, ஏப்ரல் 22, மாலை 7:48

டல்லாஸ் தம்பி சொல்றதக் கேட்டு சிரிப்பு வந்துருச்சு. எனக்கு ஆலங்குடிப் பக்கம். எங்க சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து, புதுவீடு எதுன்னாலும் மொய் எழுத என்னத்தான் உக்கார வைப்பாங்க, இப்ப கண்ணு சரியில்லாததால விட்டுட்டேன். குடுத்தது வெளிய தெரியக்கூடாதுன்னு எங்க ஊர்ல யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க.

மேசைல ரெண்டு பேரு உக்காருவோம். ஒருத்தர் பணத்த வாங்கி எண்ணி, ஊரு, பேரு, தொகைன்னு சத்தமாச் சொல்லணும். அடுத்தவர் அதத் திருப்பிச் சொல்லிக்கிட்டே நோட்டுல எழுதணும். குடுத்தவர் நவுறவே மாட்டார், தன் பேர எழுதி முடிக்கிற வரைக்கும் நோட்ட எட்டிப் பாத்துட்டுத்தான் பந்திக்குப் போவார். மதுரைப் பக்கம் மைக்லயே சொல்லுவாங்க. இப்ப கம்ப்யூட்டர் வச்சு ரசீதே அடிச்சுக் கையில குடுக்குறாங்க. சீர் வரிசையும் அப்படித்தான். தாய்மாமன் தட்டு எடுத்து வரும்போது எல்லாம் திறந்த தட்டு, பழம், புடவை, வெள்ளின்னு ஊரே பாக்க மேளத்தோட வரும். மூடி மறைச்சுக் கொண்டாந்தா என்னத்தக் குறைச்சுட்டான்னுதான் கேப்பாங்க.

அப்ப பிரிக்காம வைக்கிறது எங்கேர்ந்து வந்துச்சு? நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஊர் கல்யாணத்துல பேப்பர் சுத்துன பொட்டியே பாத்தது இல்ல. குடம், அண்டா, குத்துவிளக்கு, எதுவானாலும் அப்படியே தூக்கிட்டு வந்து குடுப்பாங்க. பேப்பர் சுத்துனது வந்தப்புறம்தான் உள்ள என்னன்னு தெரியாம மேடைக்குப் பின்னாடி அடுக்க ஆரம்பிச்சோம். அதுக்குக் காரணமும் பெருசா இல்ல, மேடைல க்யூ நிக்குது, போட்டோக்காரர் அவசரப்படுத்துறாரு, ஒவ்வொண்ணாப் பிரிச்சா ராத்திரி பன்னெண்டாயிரும்.

தங்கச்சி, உங்க கேள்விக்குப் பதில் யோசிச்சுச் சொல்றேன்.

டல்லாஸ் பாபு, ஏப்ரல் 22, இரவு 9:20

ஐயா மொய் வேற கிஃப்ட் வேற. மொய் கடன் மாதிரி.

மொய் நோட்டு, ஏப்ரல் 22, இரவு 9:41

அதேதான் தம்பி நானும் சொல்ல வர்றேன். திருப்பிச் செய்யணும்னு இருக்குற எதையும் நாங்க திறந்துதான் வாங்குவோம். கணக்குல சண்டை வரக்கூடாதுல்ல. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாசம் மொய் விருந்துன்னே தனியா வைப்பாங்க. கல்யாணம் காதுகுத்து எதுவும் கிடையாது, கறிச்சோறு போட்டு மொய் வாங்குறது மட்டும்தான். முந்தி நீங்க செஞ்சது திரும்ப வரும், அதுக்கு மேல போடுறது புது மொய். அதுல எவன் எவ்வளவுன்னு மூடி வைக்க முடியுமா? பொட்டிலயும் கணக்கு இருக்கு, ஆனா யாரும் வெளிய பேசுறது இல்ல. அதான் வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிறோம்.

யாழ் நங்கை, ஏப்ரல் 23, அதிகாலை 3:15

நான் ஸ்காபரோவில இருந்து. எங்கட ஆக்களிட கலியாணத்திலயும் சாமத்திய வீட்டிலயும் வாசலில ஒரு பெட்டி வச்சிருப்பினம், என்வலப்பை அதுக்குள்ள போட்டிட்டு உள்ள போறதுதான். மைக்கில சொன்னா ஆக்கள் எழும்பிப் போயிடுவினம். இரவு வீட்ட வந்து பிள்ளையள் ஒவ்வொண்டா உடைக்க, தாய் கொப்பியில எழுதுவா, ஆர் எவ்வளவு எண்டு. அந்தக் கொப்பிய வேற ஒருத்தரும் பாக்கேலாது. கொப்பி உங்களிட்டயும் இருக்கு எங்களிட்டயும் இருக்கு அண்ணை, வாசிச்சுக் காட்டுறதில மட்டும்தான் வித்தியாசம்.

பாபு அண்ணைக்கு இன்னொண்டு. வெள்ளைக்காரர் எல்லாத்தையும் முன்னால உடைக்கிறதெண்டு ஆர் சொன்னது? நான் வேலை செய்யிற இடத்துப் பிள்ளையின்ர கலியாணத்துக்குப் போனன், அவையள் அங்க ஒரு சாமானும் உடைக்கேல்ல, ஒரு மேசையில வச்சுப்போட்டு டான்ஸ் ஆடப் போயிட்டினம்.

டல்லாஸ் பாபு, ஏப்ரல் 23, காலை 7:50

கல்யாணத்துல பிரிக்க மாட்டாங்க, அது சரி. நான் சொன்னது ஷவர். என் வொய்ஃபுக்கு ஆபீஸ்ல பேபி ஷவர் வச்சாங்க. அவள நடுவுல நாற்காலில உக்கார வச்சு, சுத்தி எல்லாரும் உக்காந்து, அவ ஒவ்வொண்ணாப் பிரிச்சு உயரத் தூக்கிக் காட்டணும், எல்லாரும் "ஆ"ன்னு சொல்லணும். பக்கத்துல ஒரு பொண்ணு பேப்பரும் பேனாவுமா யாரு என்ன குடுத்தாங்கன்னு லிஸ்ட் எழுதிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் கையால எழுதுன தேங்க்யூ கார்டு போகணும், அதுல அவங்க குடுத்த சாமான் பேரச் சொல்லி எழுதணும், சும்மா "பரிசுக்கு நன்றி"ன்னு எழுதக் கூடாதாம். டயப்பர் பேக்கைத் தூக்கிக் காட்டும்போது என் வொய்ஃப் முகத்தப் பாக்கணுமே. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுக்கு வைக்கிற ஷவர்ல இன்னும் மோசம், ரிப்பன் அறுந்தா அத்தனை குழந்தை பொறக்கும்னு கிண்டல் வேற, அதனால முடிச்ச அவுக்க அரை மணி நேரம்.

லிஸ்ட் எழுதுன பொண்ண இப்ப நினைச்சா அதுவும் மொய் எழுதுறதுதான் போல.

ஒசாகா சுந்தர், ஏப்ரல் 23, மாலை 4:33

ஜப்பான்ல கொஞ்ச வருஷமா இருக்கேன். இங்க பழைய வழக்கம் குடுத்தவர் முன்னாடி பிரிக்கக்கூடாது. இப்ப ஃப்ரெண்ட்ஸுக்குள்ள "பிரிக்கலாமா"ன்னு கேட்டுட்டுப் பிரிக்கிறாங்க, அப்பவும் பேப்பரக் கிழிக்க மாட்டாங்க, டேப்ப நகத்தால மெல்ல எடுத்து பேப்பர மடிச்சு வைப்பாங்க. ஏன் அப்புறம் பிரிக்கிறாங்கன்னா, முறையா வந்த பரிசுக்குத் திருப்பிச் செய்யணும், ஏறக்குறைய பாதி விலைக்கு. ஆக விலை தெரியணும், ஆனா விலையப் பாக்குற மூஞ்சி குடுத்தவருக்குத் தெரியக்கூடாது.

எனக்குப் புடிச்சது ஒண்ணு. முறையான பரிசுன்னா பொட்டிமேல ஒரு வெள்ளைத்தாள் சுத்தி, என்ன விசேஷம், யாரு குடுக்குறாங்கன்னு வெளியவே எழுதியிருக்கும். பிரிக்காமலே யாருதுன்னு தெரிஞ்சுரும். கல்யாணப் பணமும் அப்படித்தான், உறைக்கு வெளிய பேரு, தொகை உள்ள இருக்குற சின்ன உறைல. ஃப்ரெண்டுன்னா பொதுவா 30,000 யென், புது நோட்டா இருக்கணும். 20,000 குடுத்தா ரெண்டாப் பிரியும்னு யோசிப்பாங்க, நம்ம 101, 501 மாதிரி இவங்களுக்கும் ஒத்தைப்படைதான் ராசி. அந்த உறைய வரவேற்பு மேசைல ரெண்டு கையாலயும் வாங்கிக்குவாங்க, நம்ம முன்னாடி திறக்க மாட்டாங்க.

நம்ம ஊர் கிஃப்ட்ல பேரு எங்க இருக்கும்? செலோடேப்ல ஒட்டுன குட்டிக் கார்டுல. ரெண்டு பொட்டி உரசுனாலே கழண்டு விழுந்துரும். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஒண்ணு யாரு குடுத்ததுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நெக்கார் மீனா, ஏப்ரல் 23, இரவு 10:40

இந்த ஊர்ல பூவுக்கே ஒரு முறை இருக்கு. பொக்கே பேப்பர்ல சுத்தி வந்துச்சுன்னா குடுக்குறவங்களே வாசல்ல பேப்பர உருவிட்டு வெறும் பூவத்தான் கையில குடுப்பாங்க. புது வீட்டுக்குன்னா ரொட்டியும் உப்பும் கொண்டு வருவாங்க, அது அநேகமா திறந்தேதான் வரும். அத நினைச்சுப் பாத்தா சீர்த்தட்டுக்கும் இவங்களுக்கும் ஒத்துப்போகும் போல, நடுவுல வந்த கிஃப்ட் பேப்பர்தான் பிரச்சனை.

மொய் நோட்டு, ஏப்ரல் 24, காலை 5:55

தங்கச்சி, யோசிச்சுட்டேன். ரெண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்துல கூப்பிடாதீங்க. காலைல பால் காய்ச்சி நம்ம ஆளுங்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்க, ஆபீஸ்காரங்கள சாயங்காலம் வரச் சொல்லுங்க. காலைல வர்றத எதையும் பிரிக்காதீங்க. வாசல்ல ஒரு பையன நிறுத்தி, வர்ற பொட்டிமேல மார்க்கர்ல நம்பர் போட்டு, அதே நம்பருக்கு நேரா நோட்டுல பேரு எழுதச் சொல்லுங்க. கார்டு விழுந்தா விழட்டும். ராத்திரி பிரிக்கும்போது ஒருத்தர் பிரிக்க, ஒருத்தர் எழுத. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு அப்புறம் எழுதலாம்னா நடக்காது.

பாத்திரம் வந்தா அடியில பாருங்க. கடைலயே மிஷின வச்சுப் புள்ளி புள்ளியாப் பேரு வெட்டிக் குடுத்துருப்பாங்க. அது இருந்தா நோட்டே வேணாம். வெட்டுனத வேற வீட்டுக்குத் தள்ளி விடவும் முடியாது.

யாழ் நங்கை, ஏப்ரல் 24, காலை 6:10

தள்ளி விடுறது எண்டா எங்கட வீட்டில ஒரு அலுமாரியே இருக்கு 😂

நெக்கார் மீனா, மே 26, இரவு 11:30

நடந்து முடிஞ்சுச்சு. ஐயா சொன்ன மாதிரியே ரெண்டு நேரமாப் பிரிச்சேன். நாத்தனார் பையன் வாசல்ல மார்க்கரோட நின்னான், அவனுக்கு இதுதான் முதல் வேலைங்கிற மாதிரி ரொம்ப சீரியஸா, ரெண்டு பேரத் திருப்பிக் கூப்பிட்டு ஸ்பெல்லிங் கேட்டான்.

ஆனா என் டீம்ல ஒரு ஜோடிக்குப் பால் பொங்குறதப் பாக்கணுமாம், காலைலயே வந்துட்டாங்க. ரொட்டி, உப்பு, கூடவே ரிப்பன் கட்டுன ஒரு பொட்டி. ஹால்ல எல்லாரும் இருக்க அவர் என் கையில குடுத்துட்டு அப்படியே நிக்கிறார். நவுறல. பிரிச்சேன், மரத்துல செஞ்ச சாவி மாட்டுற பலகை, அவரே செஞ்சதாம். நல்லா இருக்குன்னு சொன்னேன், அந்தம்மா பூரிச்சுப் போயிட்டாங்க.

சோபால உக்காந்துருந்த நம்ம அங்கிள் ஒருத்தர் உடனே "அப்ப எங்களுதையும் பிரிம்மா, நாங்களும் பாக்குறோம்"னார். சும்மா விளையாட்டாத்தான் சொன்னார், ஆனா பத்துப் பேர் திரும்பிப் பாக்குறாங்க. அவர் வொய்ஃப் "வேணாங்க, அப்புறம் பிரிக்கட்டும்"னு முழங்கையால இடிக்கிறாங்க. நான் நம்பர் 4-ஐ எடுத்துப் பிரிச்சேன். வெள்ளித் தாம்பாளம், சின்னது. அழகா இருக்குன்னு திருப்பிப் பாத்தா அடியில ஏதோ வெட்டியிருக்கு. ரெண்டு இனிஷியலும் "தை 1994"-ம். அந்த இனிஷியல் அங்கிளுதும் இல்ல, எனக்குத் தெரிஞ்ச அவங்க வீட்டு ஆளு யாருதும் இல்ல. உடனே திருப்பி வச்சுட்டேன். பக்கத்துல நின்ன ஜெர்மன்காரர் விடல, "அதுல என்ன எழுதியிருக்கு"ன்னு கேக்குறார். "வாழ்த்து"ன்னுட்டேன். ஆண்ட்டி தலைய நிமிரவே இல்ல.

வேற யாரோ குடுத்தத என் தலைல கட்டிட்டாங்கன்னு தோணுது. கோவம்னு இல்ல, ஆனா அவங்க புள்ளைங்க பொறந்தநாளுக்கெல்லாம் நான் பாத்துப் பாத்து வாங்கியிருக்கேன்.

டல்லாஸ் பாபு, மே 27, காலை 6:12

இதுக்குத்தான் சொன்னேன் யாருதையும் பிரிக்காதீங்கன்னு. ராத்திரி தனியாப் பாத்துருந்தா உங்களோட போயிருக்கும்.

மொய் நோட்டு, மே 27, மாலை 6:20

அவசரப்படாதீங்க தங்கச்சி. பரிசாக் குடுக்குறதுக்குப் பேரு வெட்டுனா குடுக்குறவர் முழுப் பேர வெட்டச் சொல்லுவார், "அன்பளிப்பு"ன்னு போட்டு, ஊரும் சேத்து. காசு போட்டது யாருன்னு தெரியணும்ல. வெறும் இனிஷியலும் மாசமும் வருஷமும் மட்டும் இருந்தா அது அநேகமா சொந்தச் சாமான். பொண்ணுக்குச் சீர் குடுக்கும்போது அம்மா வீட்டுல அப்படி வெட்டிக் குடுப்பாங்க, விசேஷ வீட்டுக்கு இரவல் குடுத்தா மாறிப் போகாம திரும்பி வரணும்னு. தை மாசம்னா முகூர்த்த மாசம் வேற. அந்தம்மா கல்யாணம் எப்பன்னு தெரியுமா? அப்பா பேரோட முதல் எழுத்து என்ன? கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் மாறியிருக்கும், அதனாலதான் உங்களுக்குப் புடிபடல.

அவங்க தன் சீர்த் தட்டையே உங்களுக்குக் குடுத்துருக்கலாம்.

நெக்கார் மீனா, மே 27, இரவு 9:03

ஐயா நான் இப்படி யோசிக்கவே இல்ல. கல்யாண வருஷம் தெரியாது. மூத்த பொண்ணுக்கு முப்பது வயசுக்குக் கிட்ட இருக்கும், கணக்கு ஒத்து வருது. ஆனா சீர்த் தட்டுன்னா ஏன் தலையக் குனியணும், சொல்லிக் குடுத்துருக்கலாமே.

யாழ் நங்கை, மே 28, அதிகாலை 2:40

கடையில வாங்கினதெண்டு நீங்கள் நினைச்சுக்கொண்டு இருக்கேக்க, மற்றாக்களுக்கு முன்னால பழசெண்டு தெரிய வந்திட்டுதே, அந்தக் கூச்சம்தான். இல்லாட்டி மனுசனுக்குத் தெரியாமலும் குடுத்திருக்கலாம், அவர்தானே உடைக்கச் சொன்னவர். நானெண்டா போன் எடுத்துக் கேட்டிடுவன்.

டல்லாஸ் பாபு, மே 28, காலை 7:15

கேக்கவே கேக்காதீங்க. தள்ளி விட்டதா இருந்தா அந்தம்மா உங்க வீட்டு வாசல மிதிக்க மாட்டாங்க.

ஒசாகா சுந்தர், மே 28, மதியம் 1:27

தட்டுல விளிம்பு தேஞ்சுருக்கா, நடுவுல குங்குமக் கறை, சூடம் வச்ச கறுப்பு ஏதாவது இருக்கா பாருங்க. பரிசா வந்து பீரோல தூங்குனதுன்னா கீறலே இருக்காது, வெள்ளி சும்மா பழுப்பேறியிருக்கும். புழங்குன தட்டுன்னா எவ்வளவு பாலீஷ் போட்டாலும் தெரியும்.

நெக்கார் மீனா, மே 28, இரவு 10:50

பாத்தேன். நல்லா பாலீஷ் போட்டுத்தான் குடுத்துருக்காங்க. ஆனா நடுவுல வட்டமா கீறல் இருக்கு, ஏதோ கும்பமோ விளக்கோ வச்சு வச்சு எடுத்த மாதிரி. விளிம்புல ஒரு இடத்துல லேசா நசுங்கல். புழங்குன தட்டுதான். யாரு புழங்குனதுன்னுதான் தட்டு சொல்லாது, அங்கிளோட அம்மாவுதாக் கூட இருக்கலாம்.

அடுத்த மாசம் அவங்க மூத்த பொண்ணுக்கு வளைகாப்பு, கூப்பிட்டுருக்காங்க. மாப்பிள்ளை ஜெர்மன்காரர், அதனால அங்க எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்பாங்க. தட்டத் திருப்பிக் குடுக்குறதான்னு வீட்டுக்காரர் கேட்டார், பேசாம இருங்கன்னுட்டேன். அதுலயே வளையல் அடுக்கி, பேப்பர் சுத்தாம, திறந்த தட்டா எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். தட்டு மட்டும் என்னோட திரும்பி வந்துரும். ஆண்ட்டி பாத்துட்டு ஏதாவது சொன்னா சொல்லட்டும்.

மொய் நோட்டு, மே 29, காலை 5:40

தட்டுகள் ஒத்தைப்படைல இருக்கணும். பூ, பழம், வளையல்னு மூணு தட்டாவது எடுத்துட்டுப் போங்க.

வரிப்புலி, மே 29, காலை 6:30

அந்த வெள்ளித் தட்டு எத்தனை கிராம்?